வங்கி அனுப்பிய ஓடிபியை வங்கிக்காரரிடமே சொல்லக் கூடாதா?

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் பெயரையும் கார்டின் கடைசி நான்கு எண்களையும் சரியாகச் சொன்னார். என் கார்டில் யாரோ 48,500க்குப் பொருள் வாங்க முயல்கிறார்கள், அதை ரத்து செய்ய இப்போது வரும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்ன மாதிரியே ஓடிபி வந்தது, அதுவும் வங்கியின் குறுஞ்செய்திகள் எப்போதும் வருகிற அதே பெயரில். பயந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை. ஓடிபியை அனுப்பியது வங்கிதானே? அதை வங்கிக்காரரிடம் சொல்வதில் என்ன தப்பு? ஒருவேளை அவர் உண்மையாகவே உதவ வந்தவராக இருந்தால்?

பதில்: இணைப்பைத் துண்டித்தது சரி. உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியும் உண்மையானதாகவே இருந்திருக்கும். போலி ஆள் கேட்டதும் உண்மையான வங்கியிலிருந்து செய்தி எப்படி வந்தது என்பதுதான் உங்களைக் குழப்புகிறது. படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே அந்தச் சில நிமிடங்களில் மறுமுனையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அழைத்தவரிடம் உங்கள் கார்டின் முழு எண், காலாவதி மாதம், பின்புறத்து மூன்று இலக்கம் ஆகியவை ஏற்கெனவே இருந்திருக்கும். ஏதோ ஒரு கடையின் இணையதளத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்து, இந்த விவரங்களை நிரப்பி, பணம் செலுத்தும் பொத்தானுக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உங்களை அழைத்திருப்பார். பெயரைச் சொல்லி, நான்கு எண்களைச் சொல்லி, உங்களை நம்பவைத்த பிறகு, ‘இப்போது ஒரு செய்தி வரும் பாருங்கள்’ என்கிறாரே, அந்த நொடியில் அவர் பொத்தானை அழுத்துகிறார். கடையின் தளம் உங்கள் வங்கியின் சர்வரைக் கேட்கிறது. சர்வர் ஓர் ஆறு இலக்க எண்ணை உருவாக்கி, வங்கியில் பதிவாகியிருக்கும் கைபேசிக்கு, அதாவது உங்களுக்கு, அனுப்புகிறது. அழைத்தவரின் திரையில் ‘ஓடிபியை உள்ளிடவும்’ என்று ஒரு காலிக் கட்டம் காத்திருக்கிறது. அவரிடம் எல்லாம் இருக்கிறது, அந்தக் கட்டத்தை நிரப்பும் எண் மட்டும் இல்லை.

யாரோ 48,500க்கு வாங்க முயல்கிறார்கள் என்று அவர் சொன்னது உண்மைதான். முயன்றவர் அவரே.

வங்கி இந்த எண்ணை அனுப்புவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கார்டு விவரத்தை உள்ளிடுகிறவரின் கையில் வாடிக்கையாளரின் கைபேசியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடிபி சரியாக வந்துவிட்டால், உள்ளிட்டவர் நீங்களே என்று சர்வர் முடிவு செய்துகொள்கிறது. அதை யார் தட்டினார், எந்த ஊரில் உட்கார்ந்து தட்டினார், தொலைபேசியில் கேட்டுத் தட்டினாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வங்கியைப் பொறுத்தவரை அந்த ஆறு இலக்கம் உங்கள் கையெழுத்து. அதை வாய்விட்டுச் சொல்வது, வேறொருவர் நிரப்பிய காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

இனி, வங்கிக்காரரிடம் சொன்னால் என்ன என்ற உங்கள் கேள்வி. வங்கி ஊழியருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அது சர்வரில் உருவாகி, சர்வரிலேயே ஒப்பிடப்படுகிறது. வாடிக்கையாளரின் கொள்முதலுக்கு வந்த ஓடிபியை வாங்கி ஊழியர் உள்ளிட வேண்டிய வேலை எதுவும் வங்கியில் கிடையாது. சந்தேகத்துக்குரிய ஒரு பரிவர்த்தனையை நிறுத்த நினைத்தால் வங்கி தானாகவே நிறுத்திவிடும். கார்டை முடக்குவதற்கும் அதற்கு உங்களிடமிருந்து எந்த எண்ணும் வேண்டாம். அதைவிட முக்கியமானது, ஓடிபி உள்ளிடப்படாத பரிவர்த்தனை தானாகவே காலாவதியாகிவிடும். பொதுவாக அந்த எண்ணுக்குச் சில நிமிடங்கள்தான் ஆயுள். அவர் சொன்னபடியே ஒரு திருட்டுக் கொள்முதல் நடந்துகொண்டிருந்தாலும், அதை ரத்து செய்ய நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தாலே அது நின்றுவிடும். ‘ரத்து செய்ய ஓடிபி’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வார்த்தையே அழைப்பு போலி என்பதற்குப் போதுமான சான்று.

அவசரப்படுத்துவதும் அந்தச் சில நிமிட ஆயுளால்தான். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் சாத்தியங்கள் உண்டு. தவறாக உள்ளிட வங்கிகள் சில வாய்ப்புகளே தருகின்றன. மூன்று வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஊகித்துப் பிடிப்பதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்று. கணினியைக் கொண்டு உடைக்க வழி இல்லாததால்தான் உங்கள் வாயிலிருந்தே வரவழைக்க இத்தனை பாடுபடுகிறார்கள். யோசிக்க விடாமல் பேசிக்கொண்டே இருப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. சந்தேகம் வந்து உங்கள் வங்கியே அழைத்தாலும் உங்கள் எண் பிஸியாக இருக்கும்.

உங்களை நம்பவைத்த அடையாளங்களைப் பார்ப்போம். கார்டின் கடைசி நான்கு எண்கள் ரகசியமே இல்லை, கடை ரசீதுகளில்கூட அச்சாகின்றன. சிலர் முதல் ஆறு அல்லது எட்டு எண்களைச் சொல்லி அசத்துவார்கள். அவை எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் காட்டும் எண்கள். அதே வகைக் கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் அவை ஒன்றுதான். திரையில் வங்கியின் எண்ணோ பெயரோ தெரிந்தாலும் நம்ப முடியாது. அழைப்பில் காட்டப்படும் எண்ணை மாற்றிக் காட்ட வழிகள் இருக்கின்றன. குறுஞ்செய்தி விஷயம் இவற்றுக்கு நேர்மாறு. வழக்கமான பெயரில் வந்த அந்தச் செய்தி உண்மை என்றாலும், அதைக் கொண்டு அழைப்பும் உண்மை என்று முடிவு கட்டக் கூடாது. செய்தி ஒரு வழியில் வந்தது, அழைப்பு வேறு வழியில் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததற்குக் காரணம், இரண்டையும் தொடங்கிவைத்தவர் ஒருவரே என்பதுதான்.

உங்கள் கைபேசியில் அந்தச் செய்தியை இப்போது திறந்து, கடைசி வரை படியுங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. அறிவிப்பாகத் திரையின் மேலே எட்டிப் பார்க்கிற வரியில் ஆறு இலக்கம் மட்டுமே கண்ணில் படும். அந்த ஓடிபி எதற்கு என்பது பெரும்பாலும் அடுத்த வரியில் இருக்கும். கொள்முதலாக இருந்தால் தொகையும் கடையின் பெயரும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்தில் பணம் செலுத்தும்போது அனுமதிக்கான குறியீடு அந்தத் தொகையோடும் பணம் பெறுபவரோடும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், அவற்றைப் பணம் செலுத்துபவருக்குக் காட்டவும் வேண்டும் என்று 2019 செப்டம்பரில் விதியே நடைமுறைக்கு வந்தது. தொகையைக் கண்ணால் பார்த்தால் ஏமாற மாட்டார்கள் என்பதே அதன் அடிப்படை. அழைத்தவர் ‘ரத்து’ என்கிறார், செய்தி ‘செலுத்த’ என்கிறது என்றால் செய்தியைத்தான் நம்ப வேண்டும்.

தொகையே இல்லாத செய்தியாக இருந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும். ‘புதிய சாதனத்தைப் பதிவு செய்ய’, ‘கார்டை வாலட்டில் சேர்க்க’, ‘கடவுச்சொல்லை மாற்ற’, ‘புதிய பயனாளியைச் சேர்க்க’ என்று ஏதாவது இருக்கும். தொகையைக் காணோமே, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கொள்முதலுக்கான ஓடிபி ஒரு கொள்முதலோடு தீர்ந்துபோகும். சாதனத்தைப் பதிவு செய்யும் ஓடிபியைச் சொல்லிவிட்டால் அவருடைய கைபேசியில் உங்கள் வங்கிச் செயலி திறந்துகொள்ளக்கூடும். அதன் பிறகு பல செயல்களுக்கு அந்தக் கைபேசியே போதும், உங்களுக்கு ஓடிபியே வராது. வாலட்டில் கார்டைச் சேர்த்துவிட்டாலும் அப்படித்தான். கடைகளில் அவர் தன் கைபேசியைத் தொட்டுப் பணம் செலுத்திக்கொண்டே போகலாம், ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. பெரிய இழப்புகள் பலவும் இப்படித்தான் ஏற்படுகின்றன. ஒரு கொள்முதலுக்கென்று தொடங்கிய அழைப்பில், ‘முதல் எண் சரியாகப் பதிவாகவில்லை, இன்னொன்று வரும், அதையும் சொல்லுங்கள்’ என்று இரண்டாவதாகக் கேட்பது இதற்காக இருக்கலாம். ஒவ்வொரு புதிய ஓடிபியும் ஒரு புதிய செயலுக்கு அனுமதி. முதல் எண்ணைச் சொல்லிவிட்டோமே, இனி என்ன என்று இரண்டாவதையும் சொல்லிவிடக் கூடாது.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை பரவிவிட்டதால், இப்போது சொல்லச் சொல்லாமலேயே வாங்குகிறார்கள். ‘பாதுகாப்புக்காக என்னிடம் சொல்ல வேண்டாம், கைபேசியின் எண் பலகையில் அழுத்துங்கள்’ என்று ஒரு பதிவுக் குரல் பேசும். மனிதரிடம் சொல்லவில்லையே என்ற நிம்மதியில் அழுத்திவிடுவோம். ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி ஒலி உண்டு, மறுமுனையில் ஒரு மென்பொருள் அதைக் கேட்டு எண்ணாக மாற்றிவிடும். இன்னொரு வகை, அழைப்பில் இருக்கும்போதே வருகிற வேறொரு அழைப்பை இணைக்கச் சொல்வது. அந்த இரண்டாவது அழைப்பு, ஓடிபியைக் குரலாகப் படித்துச் சொல்லும் வங்கியின் தானியங்கி அழைப்பாக இருக்கலாம். இணைத்துவிட்டால் நீங்கள் வாயே திறக்காமல் அவர் காதில் ஓடிபி விழுந்துவிடும். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இதே நோக்கத்தில்தான், மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பு அவருக்கும் தெரியும். ஆகவே ‘சொல்லாதீர்கள்’ என்பதை இப்படி விரித்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வந்த அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஓடிபி எந்த வழியிலும் உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில நிறுவனங்களில், நீங்கள் அவர்களின் சேவை எண்ணை அழைக்கும்போது, பேசுவது நீங்கள்தான் என்று உறுதி செய்ய ஓர் எண்ணை அனுப்பிக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. இந்த நல்ல வழக்கம்தான் மோசடிக்காரர்களுக்கும் வசதியாகிப்போனது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அழைத்தது யார் என்று பாருங்கள். கார்டின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை நீங்களே தட்டி அழைத்திருந்தால் பேசுகிறவர் வங்கிக்காரர்தான். அப்போதும் செய்தியைப் படித்து, அது அடையாளச் சரிபார்ப்புக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். பணம் செலுத்தவோ சாதனம் சேர்க்கவோ என்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். உங்களைத் தேடி வந்த அழைப்பில் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

ஒருவேளை அவர் உண்மையான வங்கிக்காரராக இருந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். அப்போதும் நீங்கள் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள். ‘நானே வங்கிக்கு அழைக்கிறேன்’ என்று வைத்துவிட்டு, கார்டில் உள்ள எண்ணை அழைத்தால், அதே தகவல் அவர்களின் பதிவிலும் இருக்கும். வங்கிக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். ‘வைத்துவிட்டால் பணம் போய்விடும்’ என்று மிரட்டுகிறவர் வங்கிக்காரர் அல்ல. அழைக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். வந்த எண்ணுக்கே திருப்பி அழைக்காதீர்கள். தேடுபொறியில் தேடிக் கிடைக்கும் எண்ணையும் நம்பாதீர்கள், போலிச் சேவை எண்களும் அங்கே கலந்திருக்கும். கம்பித் தொலைபேசியில் அழைப்பு வந்திருந்தால் வேறொரு தொலைபேசியிலிருந்து பேசுங்கள், அல்லது நன்றாக இடைவெளி விட்டுப் பேசுங்கள். சில கம்பி இணைப்புகளில், அழைத்தவர் வைக்காதவரை நீங்கள் வைத்தாலும் தொடர்பு துண்டிக்கப்படுவதில்லை.

ஓடிபியைச் சொல்லாமல் தப்பித்துவிட்டதால் விஷயம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் எதுவும் செய்யாமல் ஒரு கொள்முதலுக்கு ஓடிபி வந்திருக்கிறது என்றால், அதற்கு முந்தைய படியை யாரோ தாண்டிவிட்டார்கள், அதாவது உங்கள் கார்டின் விவரங்கள் வெளியே இருக்கின்றன. ஓடிபி கேட்காமலே கார்டை ஏற்கும் தளங்களும் உண்டு, அடுத்த முயற்சி அங்கே நடக்கலாம். எனவே இன்றே வங்கிச் செயலியில் கார்டைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு, வங்கியை அழைத்துப் புதிய எண்ணுள்ள கார்டைக் கேளுங்கள். அதே எண்ணில் மறு அச்சு வாங்குவதில் பயனில்லை. வந்த செய்தி கடவுச்சொல் மாற்றம் பற்றியதாக இருந்தால், உங்கள் தொலைபேசி எண்ணோ பயனர் பெயரோ மட்டும் தெரிந்தவர்கூட அதைத் தூண்டியிருக்கலாம். அப்போது கார்டைவிடக் கடவுச்சொல்லை மாற்றுவது முக்கியம்.

இதைப் படிக்கிறவர்களில் ஏற்கெனவே ஓடிபியைச் சொல்லிவிட்டவர் யாராவது இருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. அழைப்பைத் துண்டியுங்கள். அவர் ‘24 மணி நேரம் செயலியைத் திறக்க வேண்டாம், கணக்கு புதுப்பிக்கப்படுகிறது’ என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது, உடனே திறந்து கார்டை முடக்குங்கள். செயலி திறக்கவில்லை என்றால் அதுவே ஒரு அறிகுறி, வேறு சாதனத்தில் உங்கள் கணக்கு பதிவாகியிருக்கலாம். வங்கியின் எண்ணை அழைத்து, ‘பணம் போய்விட்டது’ என்பதோடு நிறுத்தாமல், குறிப்பாகக் கேளுங்கள். அந்த ஓடிபி எந்தச் செயலுக்கு வந்தது? புதிய சாதனமோ வாலட்டோ பயனாளியோ சேர்க்கப்பட்டிருக்கிறதா? என் கைபேசி எண், மின்னஞ்சல், பரிவர்த்தனை வரம்பு எதுவும் மாற்றப்பட்டிருக்கிறதா? இருந்தால் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். கார்டை மட்டும் முடக்கிவிட்டுச் சாதனத்தை மறந்துவிட்டால், கணக்கிலிருந்து பணம் போவது நிற்காது. பிறகு புகார் எண்ணையும், புகார் பதிவான நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவையும் அழிக்க வேண்டாம்.

நேரத்தைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்களே ஓடிபியைக் கொடுத்த பரிவர்த்தனையை, நீங்கள் அனுமதித்ததாகவோ உங்கள் கவனக்குறைவாகவோ வங்கி வாதிட இடமுண்டு. உதாரணமாக, இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை மாதச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தன் ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்றும், தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும் என்றும் வகுத்தது. ஆகவே நீங்கள் தெரிவித்த நிமிடம்தான் கோடு. அதோடு இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் அதை முடக்கும் முயற்சி அங்கிருந்து தொடங்கும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நாட்டுக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் செய்யுங்கள்.

உங்களுக்கு இன்னும் ஓர் அழைப்பு வர வாய்ப்பிருக்கிறது. ஒரு முறை எடுத்துப் பேசிய எண்ணை அவர்கள் விடுவதில்லை, அடுத்து மோசடித் தடுப்புப் பிரிவு என்றோ காவல்துறை என்றோ பேசுவார்கள். நீங்கள் உண்மையாகவே புகார் கொடுத்திருப்பதால் அது பொருத்தமான அழைப்பாகத் தோன்றும். புகார் எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், சரியாகச் சொன்னாலும் வைத்துவிட்டு நீங்களே வங்கியை அழையுங்கள். புதிய கார்டு வந்ததும், வெளிநாட்டு, இணையப் பரிவர்த்தனைகளுக்கான வரம்பை உங்கள் தேவைக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள். மாதாமாதம் தானாகக் கட்டணம் பிடிக்கும் சேவைகளில் பழைய எண் இருந்தால் புதிய எண்ணை நீங்களே மாற்றிவிடுங்கள். அந்தக் கட்டணம் தவறிப்போனால், ‘கட்டணம் நிலுவை, ஓடிபி சொல்லுங்கள்’ என்று வரும் அடுத்த அழைப்பு நம்பும்படியாக இருந்துவிடும்.